பாடல் வரைவுத் திருத்தப் பட்டியல்: தலைப்பு முதல் கடைசி வரி வரை

‘திறந்த கதவு’ வரைவைத் திருத்துவதற்காக எழுதப்படும் இந்த வரிசையையே இனி முடிக்கும் ஒவ்வொரு வரைவுக்கும் பின்பற்ற வேண்டும். எழுதிய அன்றே திருத்தத் தொடங்கக் கூடாது.

தலைப்பு: கேட்பவர் பாடலைத் தேடும்போது நினைவுக்கு வருவது பல்லவியின் சொற்களே என்பதால், தலைப்பு அங்கே அப்படியே ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பல்லவியோ ‘கதவு திறந்திருக்கும்’ என்று பாடுகிறது. ஆகவே அதுவே தலைப்பாகட்டும்.

பல்லவி: யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்பது சரணத்தின் உதவியின்றி விளங்க வேண்டும். ஒவ்வொரு சரணமும் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது, முன்பு கேட்ட அதே சொற்களுக்குச் சற்றுக் கூடுதலான பொருள் கிடைக்க வேண்டும்; கிடைக்கவில்லையென்றால் குறை பெரும்பாலும் சரணத்தில்தான் இருக்கும்.

சந்தம்: திருத்தத்திற்கான நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம். மெட்டைத் தத்தகாரமாகப் பாடிப் பார்த்து, நீளும் இடங்களில் நெடில் நிற்கிறதா என்று அசை அசையாகச் சரிபார்க்க வேண்டும். ‘என்னை விடு’ என்ற நம் வரியில் சுரம் ‘வி’ மேல் நீள்வதால் அது ‘என்னை வீடு’ என்று கேட்கிறது. சொல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மூச்சு விடும் இடங்களும் அவ்வளவே முக்கியம்: ‘மறவாமல்’ என்பதில் ‘மற’ என்றதும் பாடகர் மூச்செடுத்தால், சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளே காதில் விழும். நீண்ட கார்வையில் முடியும் வரிகளுக்கு ‘கேட்டு’, ‘பார்த்து’ போன்ற குற்றியலுகரச் சொற்களைவிட ஆ, ஏ, ஓ என முடிபவை பாடுவதற்கு இதமானவை.

எதுகை, மோனை, இயைபு: இவற்றுக்காக மட்டுமே வந்த சொல்லை அடிக்கோடிட வேண்டும். ‘கடல்’ என்பதற்கு எதுகையாக வந்த ‘உடல்’ இந்தக் கதவுப் பாடலில் எதையும் சொல்லவில்லை. அதை நீக்கிவிட்டு மோனையோடு நிறைவடைவதே மேல்.

சரணங்கள்: இரண்டாம் சரணத்தை முதலில் பாடிப் பார்க்க வேண்டும். இடம் மாறியும் பாடல் குலையாமல் இருந்தால், கதை நகரவில்லை என்று பொருள். முதல் சரணத்தில் வரும் திண்ணை, இரண்டாவதில் காலம் கடந்திருப்பதைக் காட்டும் வேறொரு பொருளுக்கு வழிவிடட்டும்.

கடைசி வரி: அது முந்தைய வரியை விளக்கிக்கொண்டிருந்தால் வெட்டிவிட வேண்டும். வெட்டிய பின்னும் மெட்டு நிறைவாக நிற்க வேண்டுமென்பதால், இசையமைப்பாளர் பாடிக் காட்டும் வரை அந்த வரியை உறுதி செய்யக் கூடாது.