அப்பா அம்மாவின் 40ஆவது கலியாண நாளுக்கு

அன்புள்ள அப்பா, அம்மா,

உங்கள் 40ஆவது கலியாண நாளுக்கு ரொறன்ரோவிலிருந்து நாங்கள் நாலு பேரும் வணக்கம் சொல்லுகிறோம். கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரவேணும். அம்மாவின் முழங்காலையும் அப்பாவின் சீனி வருத்தத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி தனியாகவும் கேட்டிருக்கிறேன்.

தங்கச்சி இதை வாசித்துக் காட்டும்போது அப்பா இடையில் எழும்பிப் போகக்கூடாது.

1986 ஆவணியில், ஊரடங்கு தொடங்கமுந்தித் தாலி கட்டி, பந்தியும் முடித்து, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பின கதையைச் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை. 1990இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா கையில் எடுத்தது என் பிறப்புப் பத்திரமும் அப்பாவின் நியமனக் கடிதமும். கலியாண அல்பம் வீட்டோடு போய்விட்டது. அதற்காக அம்மா ஒருநாளும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு அப்பா மூதூருக்குப் படிப்பிக்கப் போன வருடங்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும். லோஞ்ச் பிந்தினால் அம்மா வாசலுக்கு வரமாட்டா, குசினிக்குள்ளேயே நிற்பா. கழுவின சட்டியையே திரும்பக் கழுவுவா. அப்பா சைக்கிளை உள்ளே தள்ளின உடனே, “ஏன் இவ்வளவு நேரம்?” என்று ஒரு சத்தம். எனக்கும் தங்கச்சிக்கும் அப்போது அது சண்டையாகத்தான் கேட்டது.

அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது எப்போதும் முன்னுக்கு நடப்பார், திரும்பியும் பார்க்கமாட்டார். ஆனால் கோட்டைக்குள் மான்கள் நிற்கிற இடம் வந்ததும், “இந்தக் குட்டியைப் பார்” என்று நின்றுவிடுவார். அம்மா வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி முடியும்வரை அந்த மானைவிட அதிசயம் உலகத்தில் இல்லை. போன முறை ஊருக்கு வந்தபோதும் அப்படித்தான் நின்றார். அன்றைக்கு அங்கே ஒரு மானும் இல்லை, அப்பா!

எனக்கும் கலியாணமாகிப் பிள்ளைகளும் வந்தபிறகுதான் இதெல்லாம் பிடிபடுகிறது. உங்கள் மருமகள் வேலையால் வரப் பிந்தினால் நானும் இப்போது பாத்திரம் கழுவுகிறேன்.

தங்கச்சியிடம் ஒரு பார்சல் வந்திருக்கிறது. உள்ளே இருப்பது உங்கள் கலியாணப் படம். லண்டன் மாமாவின் பழைய பெட்டியில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதைத் துப்புரவாக்கி, பெரிதாக அடித்து, சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. அப்பாவைப் பார்த்தால் யாரோ கடன் கேட்டதுபோல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரகாளி அம்மன் கோயிலில் உங்கள் பெயரில் அர்ச்சனைக்குத் தங்கச்சி ஒழுங்கு செய்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டில், அம்மா அடுப்படிப் பக்கமே போகக்கூடாது. கேக் வரும், அப்பாவுக்குச் சின்னத் துண்டு மட்டும். பின்னேரம் 6.30க்கு நாங்கள் வீடியோவில் வருவோம், இங்கே அப்போது காலை 9 மணி. சின்னவள் தேவாரம் பாடமாக்கி வைத்திருக்கிறாள். இடையில் பிழைத்தால் அப்பா திருத்த வேண்டாம், முழுக்கப் பாடி முடிக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மகன்