உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கான வினாடி வினாப் போட்டி 2026: அறிவிப்பு

கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் வணக்கம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. வரும் நவம்பரில் அதற்கு 70 ஆண்டுகள் ஆகின்றன. அதையொட்டி எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் மன்றம் மாவட்ட அளவில் ஒரு வினாடி வினாப் போட்டி நடத்துகிறது.

நாள்: 31.10.2026, சனிக்கிழமை. காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை.

இடம்: தக்கலை, எங்கள் பள்ளியின் கலையரங்கம். பேருந்து நிலையத்தில் இறங்கி, பத்மநாபபுரம் போகும் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

இணைப்பு நாளான நவம்பர் 1-ஆம் தேதியே நடத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. நம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் காலையில் ஆராதனையோ திருப்பலியோ இருக்கும். அடுத்த ஞாயிறு தீபாவளி என்பதால் மீதிப் பேர் துணிக்கடையில் நிற்பார்கள். ஆகவே முந்தைய நாளே நடத்துகிறோம்.

யார் வரலாம்

ஒரு அணிக்கு மூன்று பேர். ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும். மூவரில் ஒருவராவது ஒன்பதாம் வகுப்பாக இருப்பது கட்டாயம். பத்தாம் வகுப்பின் முதல் மூன்று ரேங்க்கை அப்படியே எழுதி அனுப்பும் வழக்கத்துக்கு இது ஒரு சின்னத் தடை. அடுத்த ஆண்டும் அந்தப் பள்ளிக்கு அனுபவமுள்ள ஒருவர் மிஞ்சுவார். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ எல்லோருக்கும் ஒரே போட்டி, ஒரே வினாத்தாள். ஒரு பள்ளியிலிருந்து இரண்டு அணிகள் வரை வரலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பதிலை எந்த மொழியிலும் சொல்லலாம். பெயர்களின் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறையாது; ஆள் மாறிவிட்டால்தான் குறையும்.

எழுத்துச் சுற்று

காலை 10 மணிக்கு எல்லா அணிகளுக்கும் ஒரே சமயத்தில் எழுத்துச் சுற்று. 30 கேள்விகள், 30 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தவறான பதிலுக்குக் கழிவு இல்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். கடைசி ஐந்து கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருப்போம். மதிப்பெண் சமமானால் அந்த ஐந்தில் யார் அதிகம் எழுதினார்கள் என்று பார்ப்போம். அதுவும் சமமானால் மேடைக்கு அருகில் அழைத்து ஒரே ஒரு கேள்வி.

முதல் ஆறு அணிகள் இறுதிச் சுற்றுக்குப் போகும். ஒரு பள்ளியின் இரண்டு அணிகளும் முதல் ஆறில் வந்தால் அதிக மதிப்பெண் பெற்ற அணி மட்டும் மேடையேறும். விடைத்தாள்களை வேறு பள்ளி ஆசிரியர்களே திருத்துவார்கள். திருத்தி முடியும்வரை உடன் வந்த ஆசிரியர்களுக்கு மேடையில் ஐந்து கேள்விகள் கேட்கப்போகிறோம். அதற்குப் பரிசு இல்லை, மாணவர்களின் கைதட்டல் மட்டும்தான்.

இறுதிச் சுற்று

11.30-க்குத் தொடங்கும். மொத்தம் ஐந்து சுற்றுகள்.

முதலாவது நேரடிச் சுற்று. ஒவ்வொரு அணிக்கும் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி. சரியான பதிலுக்கு 10. தெரியாமல் அடுத்த அணிக்குப் போனால், அங்கே சொல்பவருக்கு 5.

இரண்டாவது 'நம்ம மாவட்டம்'. மேசையில் ஆறு உறைகள் இருக்கும். மேலே கடல், மலை, தண்ணீர், கோட்டையும் அரண்மனையும், ஆளுமைகள், விளைச்சல் என்று எழுதியிருக்கும். எழுத்துச் சுற்றில் முதலில் வந்த அணி முதலில் உறையை எடுக்கும். எல்லோரும் கோட்டையும் அரண்மனையும் உறைக்கே பாய்வார்கள் என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பது குளச்சல் போர் நடந்தது 1741-இல் என்பதைத் தாண்டிய கேள்விகள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவது படமும் ஒலியும். திரையில் ஒரு படத்தின் பகுதி மட்டும் தெரியும், அல்லது ஒரு ஒலி கேட்கும்.

நான்காவதைத் தயாரிக்கத்தான் எங்கள் குழுவுக்கு அதிக நேரம் பிடித்தது. அதன் பெயர் 'ஒரு பொருள், மூன்று குறிப்பு'. துணி மூடிய ஒரு தட்டு மேசைக்கு வரும். துணியை விலக்கினால் மணலோ, விதையோ, பட்டையோ, ஒரு துண்டுக் கருவியோ இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். முதல் குறிப்பிலேயே சொன்னால் 20, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 10. உதாரணத்துக்கு, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலைத் தட்டில் வைத்து, பக்கத்தில் வலுவான ஒரு காந்தத்தையும் வைத்தால் என்ன செய்வீர்கள்? மணலில் ஒரு பகுதி காந்தத்தை நோக்கி நகரும். அது இல்மனைட், டைட்டானியம் எடுக்கப் பயன்படும் கனிமம். பாடப்புத்தகத்தில் கனிமம் என்று ஒரு வரி படித்துவிட்டுப் போன பிள்ளை அதை உள்ளங்கையில் பார்க்கட்டும் என்பதற்காகவே இந்தச் சுற்று.

கடைசியாக பஸ்ஸர் சுற்று. 12 கேள்விகள், சரி என்றால் 10, தவறு என்றால் 5 கழிவு. பஸ்ஸர் பெட்டியை எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் செய்து தந்திருக்கிறார். ஆறு பொத்தான், ஆறு பல்பு. முதலில் அழுத்தியவரின் பல்பு எரிந்ததும் மற்ற ஐந்தும் செயலிழந்துவிடும். "நான்தான் சார் முதல்ல அமுக்கினேன்" என்ற வழக்குக்கே இடமில்லை. கேள்வி முடியும் முன்பே அழுத்தலாம். ஆனால் அழுத்தியதும் வாசிப்பது நின்றுவிடும், ஐந்து விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எப்படிப்பட்ட கேள்விகள்

பொது அறிவு கைடு ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவருக்கு எழுத்துச் சுற்றில் பாதி மதிப்பெண் கிடைக்கலாம். அதற்குமேல் யோசிக்க வேண்டும். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல், கணக்கு, தமிழ்ப் பாடங்கள்தான் அடிப்படை. அதோடு இந்த ஆண்டுச் செய்திகள், விளையாட்டு, நம் மாவட்டம். மாதிரிக்குச் சில கேள்விகள் தருகிறோம். இவை இனிப் போட்டியில் வராது.

இந்தியாவின் தென்கோடி எது? கன்னியாகுமரி என்று சொல்ல நமக்கெல்லாம் ஆசைதான். ஆனால் நிலப்பரப்போடு ஒட்டிய பகுதிக்குத்தான் அது தென்முனை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை. பஸ்ஸர் சுற்றில் கேள்வியின் கடைசிச் சொல்வரை காத்திருப்பது நல்லது என்பதற்கும் இதுவே உதாரணம்.

133 அடி திருவள்ளுவர் சிலையில் பீடத்தின் உயரம் எவ்வளவு? எண் நினைவில்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். பீடம் அறத்துப்பாலைக் குறிக்கிறது, அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள், ஆகவே 38 அடி. மிச்சம் 95 அடி சிலை. பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டிப் பாருங்கள்.

பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் எந்த மோட்டாரும் இல்லாமல் எப்படி ஓடுகிறது? தொட்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் லேசாகச் சரிந்திருக்கும், புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். துணைக்கேள்வி: மலையிலிருந்து மலைக்குப் பாலம் கட்டாமல், தண்ணீரைப் பள்ளத்தில் இறக்கி மறுபக்கம் ஏற்றியிருந்தால் என்ன தேவைப்பட்டிருக்கும்? இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மூடிய குழாய் என்று ஒருவர் சொல்வார், பம்ப் என்று ஒருவர் சொல்வார். இருவரும் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று பேசத் தொடங்கினால் ஒரு பீரியட் போதாது.

ஆரல்வாய்மொழியில் இத்தனை காற்றாலைகள் ஏன்? மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே இடைவெளி விட்டிருக்கிறது, தென்மேற்குக் காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைகிறது. தமிழ்நாட்டுக்குள் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அரண்மனை எது? போட்டி நடக்கும் இடத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.

ஒரு குறிப்பும் தருகிறோம்: தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைக்கு இது 150-ஆம் ஆண்டு. அவரைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டோம்.

பரிசுகள்

முதல் பரிசு ரூ. 9,000, சுழற்கோப்பை, பள்ளி நூலகத்துக்கு ரூ. 5,000 மதிப்புள்ள புத்தகங்கள். இரண்டாம் பரிசு ரூ. 6,000. மூன்றாம் பரிசு ரூ. 4,500. எல்லாமே மூன்றால் வகுபடும், பங்கு பிரிப்பதில் சண்டை வேண்டாம். இறுதிச் சுற்றில் மேடையேறும் மற்ற மூன்று அணிகளுக்கும் தலா ரூ. 1,500-க்குப் புத்தகங்கள். கலந்துகொள்ளும் அனைவருக்கும் சான்றிதழ். மேடையில் யாருக்கும் தெரியாத கேள்வி பார்வையாளர்களுக்குப் போகும். முதலில் சொல்பவருக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ்.

அன்று தெரிந்துகொள்ள வேண்டியவை

வருகைப் பதிவு 9 மணிக்குத் தொடங்கி 9.45-க்கு முடியும். நீரோடி, பத்துகாணி போன்ற தொலைவான இடங்களிலிருந்து வருபவர்கள் வழியில் மாட்டிக்கொண்டால் உடன் வரும் ஆசிரியர் மூலம் தகவல் சொன்னால் போதும், 10 மணிவரை காத்திருப்போம். எழுத்துச் சுற்று தொடங்கியபின் அனுமதி இல்லை.

ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு ஆசிரியர் உடன் வர வேண்டும். மாணவர்கள் பள்ளிச் சீருடையில், அடையாள அட்டையுடன் வரவும். செல்போன், ஸ்மார்ட் வாட்ச் இரண்டையும் ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அரங்கத்துக்குள் கையில் பேனா மட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம், குடையை மறக்க வேண்டாம்.

மதியம் 1.30-க்குச் சாப்பாடு எங்கள் பொறுப்பு: சோறு, பருப்பு, சாம்பார், அவியல், ரசம், பாயசம். உடன் வரும் பெற்றோருக்கும் உண்டு, எண்ணிக்கையைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். 2.15-க்குப் பரிசளிப்பு. கூட்டத்தில் பேசுபவர் ஒருவர்தான், அவருக்கும் ஐந்து நிமிடம்தான். மூன்று மணிக்கு எல்லோரும் பேருந்து ஏறிவிடலாம்.

நடுவர் மூவர். பதிலில் ஐயம் எழுந்தால் அந்தக் கேள்வி முடியும் முன்பே அணித் தலைவர் கை உயர்த்திச் சொல்ல வேண்டும். கீழே இருந்து ஆசிரியரோ பெற்றோரோ வாதாட முடியாது. நடுவர் முடிவே இறுதி.

பதிவு

இத்துடன் உள்ள படிவத்தில் மாணவர் பெயர், வகுப்பு, உடன் வரும் ஆசிரியர் பெயர் ஆகியவற்றை எழுதி, தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் பெற்று, 16.10.2026 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் எங்கள் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கவும். தபாலில் அனுப்புவோர் உறையின் மேல் 'வினாடி வினா' என்று எழுதவும். பதிவுக்குப் பின் ஒரு மாணவர் வர முடியாமல் போனால், அதே பள்ளியின் வேறு மாணவரைப் போட்டி நாளன்று காலையிலும் சேர்க்கலாம். தலைமையாசிரியரின் ஒரு வரிக் கடிதம் போதும். ஒன்பதாம் வகுப்பு விதி அப்போதும் பொருந்தும்.

இதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, காலை வணக்கக் கூட்டத்திலும் ஒருமுறை வாசித்துவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வினாடி வினாக் குழு,
முன்னாள் மாணவர் மன்றம், தக்கலை