பக்கவாத அவசர அழைப்பு: நேரப் பதிவு (தர மீளாய்வுக்காக)

நோயாளி: பெண், 61 வயது, 54 கிலோ. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமம். வலக் கை கால் பலவீனம், பேச்சுக் குளறல். என்.ஐ.எச்.எஸ்.எஸ். புள்ளி 11.

அன்று பணியில் இருந்த தாதி கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதிய குறிப்பு இது: "7.40 தொடக்கம். 8.55 வந்தது. 9.05 ஸ்கானுக்குப் போச்சு. 9.50 ஊசி." அந்த நெருக்கடியில் இவ்வளவு எழுதியதே பெரிய காரியம். ஆனால் இதை அப்படியே படிவத்தில் ஏற்றினால், வந்து பத்தே நிமிடத்தில் ஸ்கான் எடுத்ததாக ஆகிவிடும். அப்படி நடக்கவில்லை.

சரிபார்த்த நேரங்கள்

7.10 கடைசியாக நலமாகக் காணப்பட்டது
7.48 1990 அழைப்பு
8.25 வண்டியிலிருந்து எமக்கு முன்னறிவிப்பு
8.52 வருகை
8.57 வைத்தியர் பார்த்தது
8.59 குருதி அமுக்கம் 196/106
9.15 ஸ்கான் தொடக்கம்
9.27 முடிவு தொலைபேசியில்: இரத்தக்கசிவு இல்லை
9.31 லபெட்டலோல் ஊசி
9.44 குருதி அமுக்கம் 176/94
9.51 அல்ட்டிப்ளேஸ் முதல் ஊசி
9.53 மீதி மருந்து பம்பில், 10.53 முடிவு

7.40 என்பது மகள் தாயைக் கிணற்றடியில் விழுந்து கிடக்கக் கண்ட நேரம். அதற்கு முன் 7.10க்குத் தேநீர் கொடுத்தபோது அம்மா நன்றாகப் பேசினார் என்கிறார் மகள். நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 8.55 பதிவு மேசையின் முத்திரை. வாசல் பதிவேட்டிலும் வண்டிப் பணியாளரின் தாளிலும் 8.52. 9.05க்குத் தள்ளுவண்டி பிரிவை விட்டுக் கிளம்பியது, அவ்வளவுதான். முதல் படத்தில் 9.21 என்று இருக்கிறது. ஆனால் ஸ்கான் இயந்திரத்தின் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடுவதைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஆகவே 9.15. ஊசி நேரம் மருந்தேற்றிய தாதி விடுதித் தாளில் எழுதியது. பம்பின் பதிவும் அதற்கு ஒத்துவருகிறது.

மருந்தளவு: கிலோவுக்கு 0.9 மி.கி. வீதம் 48.6 மி.கி.; அதில் பத்திலொரு பங்கு, 4.86 மி.கி., முதல் ஊசியாக.

இடைவெளிகள்: வருகை – ஸ்கான் 23 நிமிடம். வருகை – ஊசி 59 நிமிடம். நலமாகக் கண்டது – ஊசி 2 மணி 41 நிமிடம்.

அறுபது நிமிட இலக்குக்குள் ஒரு நிமிட வித்தியாசத்தில்தான் வந்திருக்கிறோம். மீளாய்வுக் குழு பார்க்க வேண்டியது 8.59க்கும் 9.31க்கும் இடைப்பட்ட 32 நிமிடங்களை. மேல் அமுக்கம் 185ஐத் தாண்டியது முதல் அளவிலேயே தெரிந்தது. ஆனாலும் ஸ்கான் முடிவு வரும்வரை எவரும் கைவைக்கவில்லை, மருந்தை எடுத்துத் தயாராக வைக்கவுமில்லை. ஸ்கான் மேசையிலிருந்து இறக்கும்போதே மருந்து கையில் இருந்திருந்தால் ஊசி 9.40 அளவில் ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு. இதை எந்த ஒருவரின் தவறாகவும் எழுதவில்லை. யார் எடுத்து வைப்பது என்று எங்கள் பிரிவில் எழுதப்பட்ட ஒழுங்கு கிடையாது.

ஸ்கான் கடிகாரம் திருத்தப்பட்டது. அட்டை பீ.எச்.ரி.யுடன் இணைக்கப்பட்டுள்ளது.