பள்ளிக் காலணி ஆலைக்கான மொத்த உற்பத்தித் திட்டம்: 2026 ஜூலை – 2027 ஜூன்

பங்குதாரர்கள், கட்டிங், குளோசிங், லாஸ்டிங் மேற்பார்வையாளர்கள், கணக்குப் பிரிவு ஆகியோரின் பார்வைக்கு.

நம் பேரணாம்பட்டு ஆலையில் ஓடுவது கறுப்புப் பள்ளி ஷூ. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறப்பதற்குள் சரக்கு கடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆண்டுத் தேவை 1,20,000 ஜோடி. இதில் 54,000 கடைசிக் காலாண்டிலேயே வருகிறது. அந்த மூன்று மாதத்தை எப்படித் தாண்டுவது என்பதற்காகவே இந்தத் திட்டம். அளவு, மாடல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இப்போதைக்கு 'ஜோடி' என்ற ஒரே அலகில் கணக்குப் போட்டிருக்கிறோம். அளவுவாரிப் பிரிப்பு பின்னால் வருகிறது.

அடிப்படைக் கணக்கு: முழு வேலையையும் சேர்த்து ஓர் ஆள் ஒரு நாளைக்கு 4 ஜோடி. மாதம் 25 நாள், ஆக காலாண்டுக்கு 300 ஜோடி. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் சேர்த்து ஓர் ஆளுக்கு மாதம் ரூ.15,000. ஒரு ஜோடியின் அடக்கம் ரூ.400. அதை ஒரு காலாண்டு கோடவுனில் வைத்திருக்க ரூ.16 ஆகிறது: 12 சதவீத வட்டியில் ரூ.12, இடம், காப்பீடு, பூஞ்சைத் துடைப்பு எல்லாம் சேர்த்து ரூ.4.

முதல் வழி, சீர் உற்பத்தி. ஆண்டு முழுக்க 100 ஆள், காலாண்டுக்கு 30,000 ஜோடி.

| காலாண்டு | தேவை | சீர் உற்பத்தியில் கடைசி இருப்பு | துரத்தும் முறையில் ஆள் |
|---|---|---|---|
| ஜூலை–செப். | 12,000 | 18,000 | 40 |
| அக்.–டிச. | 18,000 | 30,000 | 60 |
| ஜன.–மார்ச் | 36,000 | 24,000 | 120 |
| ஏப்.–ஜூன் | 54,000 | 0 | 180 |

இருப்புகளைக் கூட்டினால் 72,000. அதை ரூ.16-ஆல் பெருக்கினால் ரூ.11.52 லட்சம். கூலி ரூ.1.80 கோடி.

இரண்டாவது வழி, தேவையைத் துரத்துவது. எவ்வளவு ஆர்டரோ அவ்வளவுக்கு மட்டும் ஆள். கூலியைக் கூட்டிப் பாருங்கள், இதிலும் அதே ரூ.1.80 கோடிதான். "வேலை இல்லாத மாதத்தில் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்?" என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கப்படும் கேள்விக்கு இதுவே பதில்: அந்த மாதத்தில் கொடுக்காததை ஏப்ரலில் கொடுக்கிறோம். வித்தியாசம் ஆளைச் சேர்ப்பதிலும் அனுப்புவதிலும் இருக்கிறது. ஒருவரைச் சேர்த்தால் ஏஜென்ட், பஸ் செலவு ரூ.1,000; முதல் மாதம் பாதி வேகத்தில்தான் ஓடுவார், அதில் ரூ.7,500, கெட்டுப்போகும் தோல், நூல் ரூ.1,500, மொத்தம் ரூ.10,000. அனுப்பும்போது விடுப்புப் பணமும் ஈட்டுத்தொகையும் சராசரியாக ரூ.5,000. சுழற்சியில் 140 பேரைச் சேர்த்து 140 பேரை அனுப்புகிறோம்: ரூ.21 லட்சம்.

ஆக, சீர் உற்பத்தி ரூ.9.48 லட்சம் மிச்சம். கோடவுன் செலவு ஜோடிக்கு ரூ.29-ஐத் தாண்டினால்தான் துரத்தும் முறை சமமாகும்.

துரத்தும் முறை உடைவது பணத்தில் மட்டுமல்ல. ஏப்ரலில் புதிதாக வரும் 60 பேர் முதல் மாதம் பாதி வேகத்தில் ஓடினால் 3,000 ஜோடி குறையும், அதுவும் உச்ச மாதத்தில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளும் டெய்லரைத் தேடும்போது நமக்கு மட்டும் நல்ல கை கிடைக்காது. மே மாத வெயிலில் சோல் பசை சீக்கிரம் காய்ந்துபோகும். உரிய நேரத்துக்குள் ஒட்டாவிட்டால் விளிம்பு பிரியும். பழகாத கை அங்கேதான் தவறுகிறது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி அந்தப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். மே மாத வேலைநாளில் இரண்டைக் கழித்துவிடுங்கள். அதுபோல நோன்பு மாதம் 2027-இல் பிப்ரவரியில் தொடங்குகிறது. ஷிப்டை முன்னதாக முடிக்க வேண்டும்.

ஓவர்டைமை நம்பியும் பயனில்லை. காலாண்டுக்கு ஓர் ஆளுக்கு 48 மணி என்று வைத்தால் 24 ஜோடி. 100 பேர் சேர்ந்தால் 2,400 ஜோடிதான். ஓவர்டைமுக்குக் கூலி இரட்டிப்பு என்பதால் ஜோடிக்கு ரூ.150 இருந்த கூலி ரூ.300 ஆகிறது. திடீர்ப் பற்றாக்குறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் சீர் உற்பத்தியையே எடுத்துக்கொள்ளலாமா? அதன் குறை டிசம்பரில் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரத்தில் 30,000 ஜோடி பெட்டியில் கிடக்கும், ரூ.1.20 கோடி முடங்கும். பெட்டிக்குள் ஈரம் தங்கினால் தோலில் வெள்ளைப் பூஞ்சை, சோல் ஓரத்தில் மங்கல். ஷூவாகிவிட்டதைத் திரும்பப் பிரித்துத் துடைத்துப் பாலிஷ் போட்டு, புதுப் பெட்டியில் அடைக்க வேண்டும்.

எனவே நாங்கள் பரிந்துரைப்பது கலப்பு. கட்டிங், குளோசிங் ஆட்கள் 60 பேர் ஆண்டு முழுக்கச் சீராக ஓடட்டும், காலாண்டுக்கு 30,000 அப்பர். தையல் கைதான் பழக நாளாகும். அதைக் கலைக்கக் கூடாது. லாஸ்டிங், பினிஷிங் மட்டும் பருவத்தோடு நகரட்டும்: முதல் இரு காலாண்டும் 28 ஆள், தலா 21,000 ஜோடி, ஜனவரி முதல் 52 ஆள், தலா 39,000 ஜோடி.

இதில் ஷூ இருப்பு காலாண்டுவாரியாக 9,000, 12,000, 15,000, 0. அப்பர் இருப்பு 9,000, 18,000, 9,000, 0. ஷூவுக்கு ரூ.5.76 லட்சம்; அப்பரின் அடக்கம் ரூ.220, வைத்திருக்க ரூ.9 என்று ரூ.3.24 லட்சம், 24 பேரைச் சேர்த்து அனுப்ப ரூ.3.60 லட்சம். மொத்தம் ரூ.12.60 லட்சம். முழுச் சீர் முறையைவிட ரூ.1.08 லட்சம் அதிகம்.

அந்த அதிகத்துக்கு என்ன கிடைக்கிறது? டிசம்பர் முடிவில் பெட்டியில் இருக்கும் ஷூ 18,000 குறைகிறது, முடங்கும் பணம் ரூ.87.6 லட்சமாக இறங்குகிறது. அந்த 18,000 ஜோடியில் 540 மட்டும், அதாவது 3 சதவீதம், பூஞ்சையால் ரூ.200 தள்ளுபடியில் போனாலே ரூ.1.08 லட்சம் ஈடாகிவிடும். அப்பரில் பூஞ்சை வந்தாலும் எப்படியும் பினிஷிங்கில் துடைக்கத்தான் போகிறோம்.

புதிய 24 பேரையும் டிசம்பர் 16-ஆம் தேதியே சேர்க்க வேண்டும். பாதி வேகமான ஒரு மாதம் ஜனவரி 15-க்குள் முடிந்துவிடும். மார்ச் முடிய ஓர் ஆள் 750 ஜோடி போட்டிருப்பார், குறை விழாது. இந்தப் பதினைந்து நாள் கூலி மேலே சொன்ன ரூ.7,500-க்குள் அடங்கிவிட்டது. ஜனவரிக்குத் தள்ளினால் 3,000 ஜோடி போய்விடும்.

அளவுவாரியாக ஓர் எச்சரிக்கை. அப்பர் வெட்டும்போதே அளவு முடிவாகிவிடுவதால், அப்பராக வைப்பது அளவுத் தவறிலிருந்து காப்பாற்றாது. ஜூலை முதல் டிசம்பர் வரை நடு அளவுகளை மட்டும் வெட்டுங்கள். சின்னதும் பெரியதும் கடைகளின் ஆர்டர் கையில் வந்தபின் ஜனவரியில்.

மாதக் கடைசி நாளில் ஷூவையும் அப்பரையும் தனித்தனியாக எண்ணிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பிப்ரவரி 15-க்குள் ஏப்ரல்–ஜூன் ஆர்டர் 45,000-க்குக் கீழ் நின்றால் மார்ச்சில் அப்பர் வெட்டை அந்த அளவுக்குக் குறைக்கிறோம். ஆள் குறைப்பு கிடையாது, இயந்திரப் பராமரிப்பில் போடுகிறோம். 54,000-ஐத் தாண்டினால் முதல் 2,400 ஓவர்டைமில், அதற்கு மேல் ஜோடிக்கு ரூ.210-க்கு வெளி ஜாப் ஒர்க். ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவருக்கு மார்ச் முதல் வாரத்திலேயே லாஸ்ட் கட்டையும் மாதிரி ஜோடியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.