இளஞ்சிவப்புப் புறா: படத்திலிருந்து கையேட்டு ஓவியம்

தம்பிக்கு வணக்கம்.

நேற்று அனுப்பிய மூன்று படங்களும் வந்து சேர்ந்திருக்கும். முதல் படம்தான் நீங்கள் வரைய வேண்டியது. மற்ற இரண்டும் சரிபார்க்க மட்டும். மொரிசியசில் தமிழ் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான பறவைக் கையேட்டில் புறாக்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அதில் நடுவில் பெரிதாக நிற்கப்போவது இந்தப் பறவை. ஊரில் பிஸோன் ரோஸ் என்பார்கள், கையேட்டில் இளஞ்சிவப்புப் புறா என்று போடுகிறோம். நீங்கள் இதை நேரில் பார்த்ததில்லை என்றீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படம் மஹெபூருக்கு எதிரே இருக்கிற ஈல் ஓஸ் எக்ரெட் தீவில், கருங்காலி மரங்களுக்கு நடுவில் எடுத்தது. மாலை நேரம். இலைகளின் பச்சை ஒளி பறவையின் மேல் படிந்திருக்கிறது, அதனால் நெஞ்சு சாம்பலும் பச்சையும் கலந்தது போலத் தெரியும். அதை நம்பாதீர்கள். இரண்டாம் படம் திறந்த வெளியில், மேகமூட்டத்தில் எடுத்தது. நிறத்தை முழுவதும் அதிலிருந்தே எடுங்கள்.

நிறத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பெயரைக் கேட்டதும் ரோஜாப்பூ போல வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அது சாம்பல் கலந்த மங்கலான இளஞ்சிவப்பு. தலையில் மிக வெளிறி, கழுத்திலும் நெஞ்சிலும் சற்றே கூடும். தட்டில் முதலில் சாம்பலைக் கரைத்துக்கொண்டு, அதில் சிவப்பைத் துளித் துளியாகச் சேருங்கள். நகரத்து மாடப்புறாவின் கழுத்தில் பளபளக்கும் பச்சை, ஊதா மினுக்கு இதற்கு வேண்டாம். முதுகும் இறக்கையும் அடர்ந்த பழுப்பு. வால் அகலமானது, செம்பழுப்பு. அலகின் அடி செவ்விளஞ்சிவப்பு, நுனி வெளிர். கண்ணைச் சுற்றி மெல்லிய சிவப்புத் தோல் வளையம் உண்டு. அந்த வளையத்தைக் கூர்மையான தூரிகையால் ஒரே சீராக இழுங்கள், தடித்துவிட்டால் பறவைக்குக் கோபமுகம் வந்துவிடும். விழியின் நிறத்துக்கு மூன்றாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்புறம் இறகுகள். எல்லா இறகையும் ஒன்று விடாமல் வரைய வேண்டியதில்லை. தலை, கழுத்து, நெஞ்சு மூன்றிலும் இறகின் ஓரம் கண்ணுக்குத் தெரியாது, ஈரத்தாளில் பரவிய வண்ணம் போல மென்மையாக விடுங்கள். தோளிலிருந்து கீழே மூடு இறகுகள் வரிசை வரிசையாக ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும். அங்கே மட்டும் ஒவ்வோர் இறகின் ஓரத்தையும் மெல்லிய வெளிர்கோட்டால் காட்டுங்கள். மடித்த இறக்கையின் நீண்ட இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. முதல் படத்தில் எத்தனை நுனி வெளியே தெரிகிறதோ அத்தனையே வரையுங்கள், அழகுக்காக ஒன்று கூட்டாதீர்கள். இறக்கை நுனி வாலின் அடியைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. இது குட்டையான, வட்டமான இறக்கை. நீளமாக்கிவிட்டால் வேறு புறாவாகிவிடும். இந்தப் பறவையின் மூடு இறகில் மூன்றாவது வரிசையில் ஒன்று ஒடிந்து தொங்குகிறது. அது அதன் சொந்தக் கதை, இனத்தின் அடையாளம் அல்ல. ஒழுங்காக வரைந்துவிடுங்கள்.

கால் வளையங்களுக்கும் அதே கதைதான். 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குக் குறைந்துபோன இனம் இது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, எலியையும் பூனையையும் அடக்கி, இன்று சில நூறாக மீட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிய வண்ண வளையம் போட்டிருக்கிறார்கள். நம் ஓவியத்தில் வளையம் வேண்டாம். ஆனால் அழித்த இடத்தில் கால் திடீரென்று மெலிந்துவிடக் கூடாது, மூன்றாம் படத்தில் வளையத்துக்கு மேலே தெரியும் கணுக்காலின் பருமனை அப்படியே கீழே கொண்டு வாருங்கள். இடக்கால் இலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, வலக்காலைப் பார்த்து முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று என்று நிரப்பிக்கொள்ளுங்கள்.

நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கீழேயிருந்து எடுத்ததால் வயிறு பெருத்தும் தலை சிறுத்தும் தெரிகிறது. பறவை உங்கள் கண்மட்டத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துத் திருத்துங்கள். உடல் இடப்பக்கம் நோக்கி, முழுப் பக்கத்தோற்றமாக இருக்கட்டும். படத்தில் தலை என் பக்கம் திரும்பியிருக்கிறது, அதையும் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தால்தான் அலகின் வளைவும் நெற்றியின் ஏற்றமும் தெரியும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். கழுத்தைச் சற்று உள்ளிழுத்து, நெஞ்சை முன்னே தள்ளி, கனமாக அமர்ந்திருக்கிறதே, அந்த அமைதி. கழுத்தை நீட்டி விறைப்பாக நிறுத்தினால் அளவெல்லாம் சரியாக இருந்தும் பறவை அதுவாக இருக்காது. தூரத்தில் ஒரு கிளையில் இதைக் கண்டு நான் முதலில் அடையாளம் கொள்வது நிறத்தை வைத்தல்ல, இந்த உட்காரும் விதத்தை வைத்துத்தான்.

பின்னணி வெறும் வெள்ளை. இலை வேண்டாம், வானம் வேண்டாம், நிழலும் வேண்டாம். பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் இளஞ்சிவப்பு இருப்பதைவிடச் சிவந்து தெரியும், அது பிள்ளைகளை ஏமாற்றும். கால்களுக்கு அடியில் விரல்கள் பற்றிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒரு துண்டுக் கிளை போதும், இரு முனையும் மெல்லக் கரைந்து மறையட்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: வெளிறிய தலை வெள்ளைத் தாளில் கரைந்துபோகும். கறுப்புக் கோட்டால் சுற்றி வளைக்காதீர்கள். தலையின் விளிம்பில் சாம்பலை ஒரு படி கூட்டி உள்நோக்கிக் கரைத்துவிட்டால் உருவம் தானாக நிற்கும். ஒளி இடப்பக்க மேலிருந்து, சீராக. கண்ணில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி, அதுவும் அதே பக்கம்.

அளவு: அச்சில் பறவை 9 செ.மீ., நீங்கள் 18 செ.மீ. நீளத்தில் வரையுங்கள். உண்மைப் பறவை சுமார் 37 செ.மீ. அதே பக்கத்தில் புள்ளிப்புறாவும் வரும், அது உங்கள் ஊரிலும் இருப்பதுதான், இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. அதன் நீளம் சுமார் 30 செ.மீ., ஆகவே உங்கள் தாளில் அது 14.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பக்கத்தில் பக்கமாக நிற்கும்போது எது பெரிது என்பது பிள்ளைக்கு ஒரு பார்வையில் விளங்க வேண்டும். குஞ்சுப் பருவத்துப் பறவைக்கு இளஞ்சிவப்பே இருக்காது, மங்கிய பழுப்புதான். அதை மேல் மூலையில் தலை மட்டும் சிறிதாகப் பின்னர் சேர்க்கலாம், இப்போது வேண்டாம்.

முதலில் பென்சில் கோட்டுருவை மட்டும் அனுப்புங்கள். நிழல் போட வேண்டாம். இறக்கை நுனியும் வால் நீளமும் கழுத்தின் வளைவும் சரியா என்று படத்தோடு வைத்துப் பார்த்து இரண்டு நாளில் சொல்கிறேன், அதன் பிறகு வண்ணம். ஓவியத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். தாளின் வெள்ளை சாம்பலாக விழுந்தால் திருத்த வேண்டாம், அப்படியே அனுப்புங்கள், அதைச் சரி செய்யும்போது தலையின் விளிம்பு போய்விடும். அச்சுக்கூடத்தில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா
மஹெபூர்