ஏழு லயத் தீவு: வரைபடத்துக்கான ப்ராம்ப்ட் தாள்

பந்திங் பக்கத் தோட்டத் தமிழ்ப்பள்ளி நூலகச் சுவரில் மாட்டப்போகும் கதைவரைபடத்துக்கான தாள் இது. அளவு ஏ2, படுக்கைவாட்டம். படத்தில் ஓர் எழுத்துகூட வரக்கூடாது. ஊர்ப்பெயர்களை நாமே பிறகு இங்க்ஸ்கேப்பில் ஏற்றுவோம். ப்ராம்ப்டைப் படித்துப் படம் வரையும் ஏஐ ஓவியக்கருவி எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை, கோட்டு வடிவமாகத்தான் பார்க்கிறது. சிறிய எழுத்தென்றால் பெரும்பாலும் குழம்பிக் கிறுக்கிவிடும், தமிழ் எழுத்தென்றால் இன்னும் மோசம். எழுத்து தானாக வந்து உட்காரும் இடங்கள்: திசைகாட்டி, சுருள்பட்டை, கப்பற்பாய், ஓரச்சட்டம், விளக்கப்பெட்டி. கீழே உள்ள வரிகள் இவற்றை ஒவ்வொன்றாக அடைக்கின்றன. அதனால் வரிகளைச் சுருக்காமல் அப்படியே ஒட்டுங்கள்.

1. முழுத் தீவு (தமிழ் புரியும் உரையாடல் கருவிக்கு)

> பறவைப் பார்வையில் ஒரு கற்பனைத் தீவு, பழைய மையோவிய பாணி. பின்புலம் வெளிறிய தோல்தாள்: நிறம் வெந்தயம் ஊறிய தண்ணீர் போல, நடுவில் சீராக, ஓரங்களில் மட்டும் சற்றே அடர்ந்து. மடிப்புக்கோடு, கிழிசல், எரிந்த விளிம்பு இல்லை. கோடுகள் அடர்பழுப்பு மை, ஒரே தடிமன்.
>
> தீவின் மேற்குக் கரை சேற்றுநிலம்: வளைந்து வளைந்து போகும் தாழ்ந்த விளிம்பு, அதை ஒட்டிக் கண்டல் மரங்கள் சிறு குடைகளாக. கிழக்குக் கரை பாறை, நான்கு ஆழமான குடாக்கள். கரைக்கு வெளியே மூன்றே இணைகோடுகள், கடலுக்குள் போகப் போக மெலிந்து மறைகின்றன. மீதிக் கடல் வெறுமை.
>
> வடக்கே ஒரே மலைத்தொடர், ஐந்து சிகரம். அதில் பிறக்கும் ஓர் ஆறு இரண்டு சிற்றாறுகளைச் சேர்த்துக்கொண்டு தெற்கே ஓடுகிறது, முகத்துவாரத்துக்கு அருகே மட்டும் இரண்டாகப் பிரிந்து கடலில் விழுகிறது. ஆற்றின் இடப்பக்கம் வரிசை பிசகாத கித்தா மரங்கள், வலப்பக்கம் செம்பனை. நடுவில் ஏழு நீண்ட கூரைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, பெரியதாக.
>
> தென்கிழக்கு மூலையில் எட்டு இதழ் உள்ள பூ, ஒரே நிறம், சுற்றிலும் வெற்றிடம். ஐந்து இடங்களில் உள்ளங்கை அளவு வெற்று நிலம் விடு. எல்லாப் பரப்பும் குறியீடு, எண், கையெழுத்து இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும்.

திசைகாட்டி என்று கேட்டால் நான்கு மூலையிலும் எழுத்து மாதிரி ஏதாவது தொங்கும். எட்டு இதழ்ப் பூ என்று கேட்டால் தொங்காது. 'வரைபடம்' என்ற சொல்லையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அந்தச் சொல்லைச் சேர்த்தால் கருவிக்குத் தெரிந்த எல்லா வரைபடங்களும் பெயர்ப்பட்டியலோடு உள்ளே வரும்.

லயங்களை 'ஏழு, பெரியதாக' என்று எண்ணிச் சொல்லியிருப்பதும் அதனால்தான். வீடுகள் பல என்று விட்டால் பொடிப்பொடிக் கூரைகள் நெருக்கமாக விழும், இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் புரியாத மொழியில் ஒரு பத்தி எழுதி வைத்த மாதிரி இருக்கும். கரையின் இணைகோடுகளுக்கும் இதே கதி. மூன்றைத் தாண்டினால் கோடுகள் உடைந்து கிறுக்கலாகும்.

ஆறு இரண்டாகப் பிரிவது தப்பென்று சிலர் திருத்த வருவார்கள். மலையடிவாரத்திலேயே பிரிந்தால் தப்புதான். முகத்துவாரத்தில் பிரியலாம். நம் லங்காட் ஆறே கேரித் தீவை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டுதானே கடலுக்குப் போகிறது.

2. கரை மட்டும் (சுவரோரத்தில் நீளமாக ஒட்டும் பட்டைக்கு)

> கண்டல் கரையின் நீண்ட விளிம்பு, இடமிருந்து வலமாக, பழுப்பு மைக்கோட்டில். மேல்பாதி நிலம், கீழ்பாதி வெற்றுக் கடல். இரண்டு கழிமுகங்கள், ஒரு மணல்திட்டு. பாய் சுருட்டிய ஒரு சிறு படகு. வெளிறிய தோல்தாள், சட்டம் இல்லை.

பாய் விரித்தால் அதன்மேல் சின்னமோ எழுத்தோ வரும். சுருட்டிய பாயில் எழுத இடமே இல்லை.

3. புகைக்கூட மலை (தனிச் சித்திரம்)

> கித்தாத் தகடு காயவைக்கும் பழைய புகைக்கூடம் ஒரு மலையுச்சியில். புகைபோக்கியிலிருந்து எழும் புகை உறங்கும் நாகமாகச் சுருள்கிறது. மைக்கோடு, தோல்தாள் பின்புலம், கதவும் சுவரும் வெறுமை.

'கதவும் சுவரும் வெறுமை' என்பதை விட்டுவிட்டால் வாசலுக்கு மேலே பெயர்ப்பலகை மாட்டிவிடும்.

4. மடிக்கணினியில் ஓடும் மாடலுக்கு

நம் மடிக்கணினியில் உள்ள எஸ்டிஎக்ஸ்எல்லுக்குத் தமிழ் புரியாது. மேல்பெட்டியில் இது:

```
aerial ink drawing of an island, mangrove coast,
pale blank parchment, three thin shore lines, empty sea
```

வேண்டாதவற்றைச் சொல்லும் எதிர்ப்பெட்டியில் இது:

```
text, letters, words, numbers, label, banner, scroll,
cartouche, signature, watermark, frame, burnt edges
```

அளவு 1216 × 832. எதிர்ப்பெட்டி இல்லாத கருவியில் இந்தப் பட்டியலை மேல்பெட்டியில் ஒட்டாதீர்கள். 'எழுத்து வேண்டாம்' என்று சொன்னாலும் அதற்கு எழுத்து ஞாபகம் வந்துவிடும். மிட்ஜர்னியில் ஓட்டுபவர்கள் கடைசியில் இதைச் சேர்த்தால் போதும்:

```
--ar 3:2 --no text, letters, banner, frame
```

5. எழுத்து ஒட்டிக்கொண்ட படத்தைத் துடைக்க

> வெறும் வெளிறிய தோல்தாள் பரப்பு, சுற்றியுள்ள நிறமே, கோடு இல்லை.

கிறுக்கலைச் சுற்றி 25 பிக்சல் தாராளமாக விட்டு முகமூடி போடுங்கள். ஒட்டினாற்போல் போட்டால் எழுத்தின் வால் வெளியே நின்று, கருவி அதைப் பிடித்துப் புதிய எழுத்து வளர்க்கும். முகமூடிக்குள் எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `denoising strength` 0.6க்குக் கீழே வேண்டாம். 0.3ல் வைத்தால் பழைய எழுத்து நிழலாகத் தெரியும். நான்கைந்து இடத்துக்கு மேல் துடைக்க வேண்டியிருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு `seed` மாற்றி ஓட்டுவதே சுலபம்.

அச்சுக்கு முன்

ஏ2 தாள் 594 × 420 மில்லிமீட்டர். 150 டிபிஐக்கு 3508 × 2480 பிக்சல் தேவை. 1216 × 832 படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி (4864 × 3328), இடமும் வலமும் ஏறக்குறைய 80 பிக்சல் வீதம் வெட்டினால் ஏ2 விகிதம் வரும். அதைப் பிறகு 3508க்குக் குறைக்கலாம். பெரிதாக்கும்போதும் புதிதாகக் கிறுக்கல் முளைப்பதுண்டு. குறிப்பாகக் கண்டல் மரத்தின் வேர்களில். 100 சதவீதத்தில் வைத்து மூலைமூலையாகப் பாருங்கள்.

பெயர்களுக்கு கவிவாணர் எழுத்துரு, ஆறுகளுக்கு மட்டும் வளைகோட்டில். வளைவு மெதுவாக இருக்கட்டும். கூர்மையாக வளைத்தால் 'கொ', 'கை' போன்றவற்றில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக விலகித் தெரியும். குறைந்தது 24 புள்ளி, பிள்ளைகள் கீழே நின்றுதான் பார்ப்பார்கள். ஏற்ற வேண்டிய பெயர்கள் பத்து: ஏழு லயம், கித்தாக் காடு, புகைக்கூட மலை, பெரட்டுக்களம், முனியாண்டி எல்லை, சேற்றுக்கரை, பாறைக்குடா, ஆயக்கொட்டகை, செம்பனைச் சடக்கு, இரட்டை முகத்துவாரம்.

எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆக்கி அச்சுக்கடைக்கு அனுப்புங்கள். அங்குள்ள கணினியில் கவிவாணர் இருக்காது, மாற்றாமல் அனுப்பினால் கட்டம் கட்டமாக வந்து நிற்கலாம்.