செப்டெம்பர் மாத மேலதிக நேரக் கொடுப்பனவில் ரூ. 3,618.75 குறைவு

2025 ஒக்டோபர் 3
புறக்கோட்டை, கொழும்பு 11

மனிதவள முகாமையாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

செப்டெம்பர் 30 ஆம் திகதி கிடைத்த சம்பளச் சீட்டில் என் ஓ.டி. 31.5 மணித்தியாலம், ரூ. 10,631.25 என்று இருக்கிறது. நான் வேலை செய்தது 38 மணித்தியாலம். அந்த 31.5 மணித்தியாலத்துக்குப் போட்ட வீதமும் பழையது. ஆக, பிழை இரண்டு.

முதலில் வீதம். செப்டெம்பர் 1 முதல் என் அடிப்படைச் சம்பளம் 54,000இலிருந்து 60,000 ரூபாவாக உயர்ந்தது. சீட்டில் அடிப்படைச் சம்பளம் 60,000 என்றே உள்ளது. சேமலாப நிதிக்கு 8 வீதமாக 4,800 ரூபாவும் சரியாகவே கழிந்திருக்கிறது. ஓ.டி. மட்டும் பழைய சம்பளத்திலேயே நின்றுவிட்டது. வழக்கம்போல் 240ஆல் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால்:

பழைய வீதம்: 54,000 ÷ 240 × 1.5 = ரூ. 337.50
புதிய வீதம்: 60,000 ÷ 240 × 1.5 = ரூ. 375.00

அடுத்தது விடுபட்ட 6.5 மணித்தியாலம். செப்டெம்பர் 11, 12 ஆகிய இரண்டு மாலையும் களஞ்சியத்தில் விரலடையாள இயந்திரம் பழுது. கொள்கலன் இறக்கும் வேலைக்காக முதல் நாள் 3 மணித்தியாலமும் மறுநாள் 3.5 மணித்தியாலமும் நின்றோம். வாசலில் இருந்த கைப்பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை எழுதிக் கையொப்பமிட்டோம், மேற்பார்வையாளரும் ஒப்பமிட்டார். அந்தப் பக்கம் சம்பளப் பிரிவுக்கு வந்து சேரவில்லை போலும். அன்று என்னோடு நின்ற மற்ற இருவரின் கணக்கையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

வரவேண்டியது: 38 × 375.00 = ரூ. 14,250.00
கிடைத்தது: 31.5 × 337.50 = ரூ. 10,631.25
குறைவு: ரூ. 3,618.75

இதில் விடுபட்ட மணித்தியாலங்களுக்கு 2,437.50, வீத வித்தியாசத்துக்கு 1,181.25. ஓ.டி.க்குச் சேமலாப நிதி கழிவதில்லை என்பதால் அந்தப் பக்கம் திருத்த எதுவும் இல்லை.

செப்டெம்பர் சம்பளச் சீட்டு, சம்பள உயர்வுக் கடிதம், விரலடையாள இயந்திரத்தின் மாத அறிக்கை, கைப்பதிவேட்டின் அந்த இரண்டு நாள் பக்கங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். மூலப் பதிவேடு களஞ்சிய அலுவலகத்தில் இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.

20 ஆம் திகதி தீபாவளி. முடிந்தால் அதற்கு முன் தனியாகத் தந்தால் பெரிய உதவி. முடியாவிட்டால் ஒக்டோபர் சம்பளத்தில் நிலுவை என்று தனி வரியாகக் காட்டிச் சேர்த்துவிடுங்கள். எப்படியானாலும் அடுத்த ஓ.டி. கணக்குக்கு முன் என் வீதத்தை 375.00 என்று மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் இதே கடிதத்தை அடுத்த மாதமும் எழுத வேண்டியிருக்கும்.

என் கணக்கில் எங்காவது தவறு தெரிந்தால் சொல்லுங்கள், பதிவேட்டோடு நேரில் வருகிறேன். 10 ஆம் திகதிக்குள் ஒரு பதில் கிடைத்தால் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
தர்ஷினி
களஞ்சிய எழுதுவினைஞர்
ஊழியர் இலக்கம் 214